"அப்படியே அரை லிட்டருக்கும் போட்டுடுங்க தம்பி" – கொட்டேஷனில் இல்லாத வேலைக்கு எப்படிப் பதில் எழுதுவது?

செம்மண்_லேபிள்

ஈரோட்டில் இருந்து தனியாக பேக்கேஜிங் டிசைன் செய்கிறேன், மூன்று வருடமாகிறது. இப்போது கையில் இருப்பது காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டும் ஒருவருடைய வேலை. ஒரு லோகோ, மூன்று எண்ணெய்க்கு லேபிள், மொத்தம் 24,000 ரூபாய். பாதி முன்பணம் வந்துவிட்டது. லோகோ முடிந்தது, நல்லெண்ணெய் லேபிளும் கடலை எண்ணெய் லேபிளும் ஓகே ஆகிவிட்டன. தேங்காய் எண்ணெய் மட்டும் பாக்கி.

நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்ஆப்பில் அவருடைய குரல் செய்தி. "தம்பி, லேபிள் ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்படியே அரை லிட்டருக்கும், இருநூறு மில்லிக்கும் சைஸ் குறைச்சுப் போட்டுடுங்க. கடை திறப்புக்கு ஒரு ஃபிளெக்ஸும் பண்ணிடுங்க, பத்துக்கு ஆறு." அவ்வளவுதான். பணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இதுவும் அந்த 24,000-க்குள் வருகிறது என்றுதான் நினைக்கிறார்.

பதில் நான்கு முறை டைப் செய்து நான்கு முறையும் அழித்துவிட்டேன். கடைசியாக எழுதியது இது: "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க, இது நம்ம பேசினதுல வராது, இருந்தாலும் ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா பண்ணிடலாம், மன்னிக்கணும்." படித்துப் பார்த்தால் கெஞ்சுவது போல இருக்கிறது. முறைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை. இன்னும் இரண்டு பேரிடம் என்னைச் சொல்லி வைத்திருக்கிறார். எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?

நூல்கண்டு

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. வாட்ஸ்ஆப்பிலும் மெயிலிலும் ஓகே சொன்னதெல்லாம் செல்லாது. அடுத்த தடவையாவது பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை செய்து கொடுத்துவிட்டுப் போங்கள்.

பழைய_பிரஸ்

கொட்டேஷனில் லேபிள் பற்றிய வரியை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே போடுங்கள். அவர் எப்போது, எந்த வார்த்தையில் சம்மதித்தார் என்பதையும் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் யாரும் உங்களுக்குப் பதில் எழுதித் தர முடியாது. "மூன்று லேபிள்" என்று மட்டும் இருந்தால் ஒரு கதை, "1 லிட்டர்" என்று இருந்தால் வேறு கதை.

செம்மண்_லேபிள்

மார்ச் 4 அன்று மெயிலில் அனுப்பியது. இரண்டாவது வரி:

> 2. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் – 1 லிட்டர் பாட்டில் லேபிள், முன்பக்கம் + பின்பக்கம். 3 லேபிள், தலா ரூ. 6,000. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை திருத்தம். அச்சுக்குத் தயாரான பிடிஎஃப்.

மார்ச் 6 அன்று அதே மெயிலுக்குப் பதிலாக "ஓகே தம்பி, ஆரம்பிங்க" என்று எழுதினார். அன்று மாலையே 12,000 ஜிபே-யில் வந்தது.

பழைய_பிரஸ்

அப்படியானால் வேண்டியதெல்லாம் உங்களிடமே இருக்கிறது. பாட்டில் அளவு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, அவர் ஓகே சொன்ன தேதியும் இருக்கிறது.

பதிலுக்குப் போகும் முன் ஒன்று. "சைஸ் குறைக்கிறது" என்றால் என்ன வேலை என்பது முதலில் உங்களுக்குள் தெளிவாக இருக்க வேண்டும். அது தெளிவில்லாததால்தான் கெஞ்சுகிற தொனி வருகிறது. மனதின் மூலையில் "சின்ன வேலைதானே, இதற்குப் போய்ப் பணமா" என்று உங்களுக்கே ஒரு எண்ணம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் லேபிள் என்ன அளவு? 200 மில்லிக்கு எவ்வளவு இடம்?

செம்மண்_லேபிள்

1 லிட்டர் 90 × 120 மில்லிமீட்டர். 200 மில்லி பாட்டிலை இன்று காலை அளந்தேன். 55 × 70 தான் ஒட்ட முடியும்.

பழைய_பிரஸ்

90-ஐ 55 ஆக்கினால் 61 சதவீதம். உயரம் 73 வரும், பாட்டிலில் இருப்பது 70. ஆகவே முதல் அடியிலேயே அப்படியே சுருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது பின்பக்கம். அங்கே 6 புள்ளியில் எழுத்து வைத்திருப்பீர்கள், அது 3.7 புள்ளி ஆகிவிடும். யாராலும் படிக்க முடியாது. பார்கோடின் முழு அளவு, இரு பக்கத்து வெற்றிடமும் சேர்த்து, 37.29 மில்லிமீட்டர் அகலம். அதை 80 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, அதாவது 30 மில்லிமீட்டர் அளவோடு நிறுத்த வேண்டும். 61 சதவீதத்தில் 23-க்கு வந்துவிடும், கடை ஸ்கேனரில் மாட்டும். போதாததற்கு ஒவ்வொரு அளவுக்கும் பார்கோடு எண்ணே வேறு. எண்ணெயில் லிட்டரோடு கிராமும் போடுகிறோம்: 1 லிட்டருக்கு 910 கிராம் என்றால் அரை லிட்டருக்கு 455, இருநூறுக்கு 182. விலை வேறு. நிகர அளவு எழுத்தின் உயரத்துக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் உண்டு, அதையும் சுருக்கிவிட முடியாது. ஆகவே இது பின்பக்கத்தை மறுபடி அடுக்கி, ஒவ்வொரு எண்ணையும் மறுபடி சரிபார்க்கிற வேலை. ஒரு லேபிளுக்கு முக்கால் நாள் போகும். தவறாக அச்சானால் நஷ்டம் அவருக்கு, பெயர் கெடுவது உங்களுக்கு.

இதையெல்லாம் அவருக்கு எழுதாதீர்கள். இது உங்களுக்காகச் சொன்னது. அவர் கேட்டால் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> வணக்கங்க அண்ணா. நேற்று அனுப்பிய குரல் செய்தி கேட்டேன். அரை லிட்டரும் 200 மில்லியும் சேர்ந்து கடைக்கு வந்தால் நன்றாக இருக்கும், செய்து தருகிறேன்.
>
> மார்ச் 6 அன்று நீங்கள் ஓகே சொன்ன கொட்டேஷனின் இரண்டாவது வரி இது: "நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் – 1 லிட்டர் பாட்டில் லேபிள், முன்பக்கம் + பின்பக்கம். 3 லேபிள், தலா ரூ. 6,000." இதில் இரண்டு முடிந்தது. தேங்காய் எண்ணெய் வியாழக்கிழமை அனுப்புகிறேன்.
>
> அரை லிட்டர் 3 லேபிள், தலா 1,800, ஆக 5,400. 200 மில்லி 3 லேபிள், அதே 5,400. 1 லிட்டர் மூன்றும் ஓகே ஆன நாளிலிருந்து ஒவ்வொரு அளவுக்கும் நான்கு வேலை நாள். 10 × 6 ஃபிளெக்ஸ் 1,500, இரண்டு நாள்.
>
> எதெது வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், அதை மட்டும் தனியாக கொட்டேஷன் போட்டு அனுப்புகிறேன். 1 லிட்டர் வேலை சொன்ன தேதியிலேயே முடியும், அதில் மாற்றமில்லை.

இதில் "மன்னிக்கவும்" இல்லை, "ஆனால்" இல்லை, "இது வராது" இல்லை. வரும், வராது என்பதை உங்கள் வாயால் சொல்லவே வேண்டாம். வரியை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்துவிட்டால் அவரே படித்துத் தெரிந்துகொள்வார். சொந்த நடையில் மாற்றி எழுதினால், "நான் அப்படிச் சொல்லலையே" என்று வார்த்தையைப் பிடித்துப் பேச்சு போகும். தலா 6,000 என்பதை விட்டுவிடாமல் போட்டதற்கும் காரணம் உண்டு. முதல் டிசைனுக்கு 6,000, அதே டிசைனை வேறு அளவுக்குக் கொண்டுபோக 1,800 என்பது பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நியாயமான விலை என்று அவரே நினைப்பார்.

வரியைச் சொல்லும் முன் "செய்து தருகிறேன்" வந்துவிட வேண்டும். அது பின்னால் போனால் அதே வார்த்தைகள் குற்றம் சாட்டுவது போலக் கேட்கும்.

வழக்குக்கட்டு

@நூல்கண்டு, ஒரு திருத்தம். வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். இந்த மாதிரி வேலைக்கு முத்திரைத்தாள் இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்பது சரியில்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி இரண்டு பேர் மனமொத்துச் சம்மதித்து, அதற்கு ஒரு பிரதிபலனும் இருந்தால் வாய்ப்பேச்சுகூட ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் ஏற்பட்டது என்பதற்காகவே ஒன்று செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ பிரிவு சொல்கிறது. ஓகே என்ற மெயில், அதே நாளில் முன்பணம், இரண்டும் சேர்ந்தால் நல்ல வலுதான்.

நீங்கள் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. கோர்ட்டில் மெயிலையும் வாட்ஸ்ஆப்பையும் சாட்சியமாக வைக்கத் தனியாகச் சான்றிதழ் வேண்டும், அலைச்சல். 10,800 ரூபாய்க்கு யாரும் அங்கே போகப்போவதில்லை. அதனால் இங்கே அந்த வரி கோர்ட்டுக்காக இல்லை, அவருக்கு நினைவுபடுத்துவதற்காக.

நூல்கண்டு

சரி, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஒருமுறை பணம் வராமல் போனபோது ஒருவர் அப்படித்தான் சொன்னார், அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

மண்டப_வீடியோ

முன்பணம் வாங்காமல் ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். நான் கல்யாண வீடியோ எடுக்கிறேன். போன தை மாதம் 40 பக்க ஆல்பம், மூன்று மணி நேர வீடியோ என்று பேசினோம். முடிந்த பிறகு பெண்ணின் அக்கா ஆறு ரீல்ஸ் கேட்டார், மாப்பிள்ளையின் அப்பா இன்னும் 20 பக்கம் கேட்டார். இரண்டும் கொடுத்தேன். பாக்கிப் பணம் ஆனியில்தான் வந்தது. அதனால் முன்பணத்தை 70 சதவீதமாக வாங்குங்கள்.

பழைய_பிரஸ்

@மண்டப_வீடியோ, அவர் முன்பணம் வாங்கிவிட்டார். கேள்வி அது இல்லை. ஆனால் உங்கள் கதையில் வேறொன்று இருக்கிறது. பேசியது ஒருவரிடம், கேட்டது வேறு இரண்டு பேர். அந்த அக்காவுக்கு 40 பக்கம் என்ற பேச்சே தெரிந்திருக்காது. இந்த மாதிரி நேரத்தில் பதிலை உங்களிடம் பேசி முடித்தவருக்கே அனுப்ப வேண்டும். "அக்கா ஆறு ரீல்ஸ் கேட்டிருக்காங்க, நாம் பேசியது இது, சேர்த்தால் இவ்வளவு, நீங்கள் சரி என்றால் ஆரம்பிக்கிறேன்." கேட்டவரிடமே இல்லை என்று சொன்னால் வீட்டுக்குள் சண்டை மூட்டிவிட்டது போல ஆகிவிடும்.

மிளகாய்வற்றல்

நான் அந்தப் பக்கத்து ஆள். விருதுநகரில் மசாலாப் பொடி தயாரிக்கிறேன், டிசைனருக்குப் பணம் கொடுக்கிறவள். அந்த எண்ணெய்க்காரர் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கொட்டேஷன் வந்தால் நான் கீழே மொத்தத் தொகையைத்தான் பார்ப்பேன். மேலே இருக்கும் வரிகளைப் படித்ததில்லை. 100 கிராம் பாக்கெட் டிசைன் முடிந்ததும் 50 கிராமுக்கும் போடச் சொன்னேன். ஜெராக்ஸ் கடையில் சின்னதாக்குவது மாதிரிதான் என்று உண்மையாகவே நினைத்தேன். அந்தத் தம்பி பதிலாக கொட்டேஷனைச் சிவப்பில் வட்டம் போட்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் அனுப்பினார். அந்த குரூப்பில் என் வீட்டுக்காரரும், பிரஸ்காரரும், கணக்கு எழுதுகிற பிள்ளையும் இருந்தார்கள். நான் திருட்டுத்தனம் செய்து பிடிபட்டது போல ஆகிவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வேலையை அவரிடம் கொடுக்கவில்லை.

அவர் சொன்னது தப்பில்லை. அந்த வட்டமும் குரூப்பும்தான் தப்பு. முதலில் போன் போட்டுச் சொல்லியிருந்தால் நான் சரி என்றிருப்பேன். செம்மண், தயவுசெய்து முதலில் பேசுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

பழைய_பிரஸ்

அக்கா சொன்னதில் குரூப் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. பதில் அவருக்கு மட்டும் போக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், வட்டம் வேண்டாம், தடித்த எழுத்தும் வேண்டாம், அந்த வரி சாதாரண எழுத்தில் இருந்தால் போதும்.

போன் முதலில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தயங்குகிற ஆள் போனில் தோற்றுவிடுவார். "ஏன் தம்பி, இதுக்குப் போயா?" என்று அவர் சிரித்தால் செம்மண் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிடுவார். முதலில் எழுத்து போகட்டும், அவர் படித்துவிட்டுத் தானே கூப்பிடட்டும். அப்போது பேச்சு அந்தத் தாளின் மேல் நடக்கும்.

மிளகாய்வற்றல்

அது உங்கள் பக்கத்து வசதி. எங்களுக்கு எழுத்தில் முதலில் வருவது நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். நான் இதில் மாறமாட்டேன்.

கோலமாவு

என் நிலைமை வேறு. நான் அனுப்பிய கொட்டேஷனில் "லேபிள் டிசைன் – மொத்தம் 15,000" என்று மட்டும் இருக்கிறது. எண்ணிக்கை இல்லை. நான்கு லேபிள் கொடுத்துவிட்டேன், இப்போது இன்னும் மூன்று சேர்த்து ஏழு கேட்கிறார்கள். இதே மாதிரி வரியை எடுத்துப் போடலாமா?

பழைய_பிரஸ்

போடாதீர்கள். அந்த வரி அவருக்குத்தான் சாதகம். "மொத்தம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்" என்பார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும்.

கொட்டேஷனைத் தவிர வேறென்ன எழுத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். எந்தெந்தப் பொருள் என்று அவர் ஆரம்பத்தில் அனுப்பிய பட்டியல், போட்டோ, "இந்த நாலுக்கும் போடணும்" என்று ஒரு செய்தி, ஏதாவது இருக்கும். அதற்குத் தேதி இருந்தால் அதுவே உங்கள் வரி. எதுவும் கிடைக்கவில்லை என்றால் "நான் எண்ணிக்கை எழுதாமல் விட்டது என் பிழை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஐந்தும் ஆறும் இதே தொகையில் முடித்துத் தருகிறேன், ஏழிலிருந்து தலா இவ்வளவு என்று எழுதி அவரிடம் ஓகே வாங்குங்கள். அந்த இரண்டு லேபிள் உங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த மெயில்தான் இனிமேல் எடுத்துக் காட்டக்கூடிய வரி.

கோலமாவு

ஆரம்பத்தில் ஒரு தாளில் கையால் எழுதி போட்டோ அனுப்பியிருந்தார். தேடிப் பார்த்தேன். அதில் ஐந்து பெயர் இருக்கிறது.

பழைய_பிரஸ்

நல்லது. ஐந்தாவதை எந்தப் பேச்சும் இல்லாமல் செய்து கொடுங்கள். ஆறிலிருந்து பேசுங்கள்.

செம்மண்_லேபிள்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பேர் சொன்னதையும் கலந்து செய்தேன். காலையில் "அண்ணா, நீங்க கேட்டது பற்றி எழுதி அனுப்பியிருக்கேன், பார்த்துட்டுக் கூப்பிடுங்க" என்று பத்து நொடி குரல் செய்தி போட்டேன். அதோடு பழைய_பிரஸ் எழுதித் தந்ததை அனுப்பினேன். ஃபிளெக்ஸை மட்டும் மாற்றினேன்: "10 × 6 ஃபிளெக்ஸ் 1,500. கடை திறப்புக்கு என் பங்காக இருக்கட்டும், இதற்குக் கட்டணம் வேண்டாம்." சும்மா கொடுப்பதென்றாலும் விலையைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் அடுத்த முறை அதற்கு ஒரு விலை உண்டு என்று தெரியும் என்று தோன்றியது.

மதியம் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. "ஒரே டிசைன்தானே தம்பி, எதுக்கு மறுபடி காசு?" என்றார். 200 மில்லி பாட்டிலில் பின்பக்கம் 3.7 புள்ளியில் அச்சடித்த ஒரு துண்டுத் தாளை முன்பே எடுத்து வைத்திருந்தேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கண்ணாடி போட்டும் தெரியலையே" என்றார். அவ்வளவுதான்.

அரை லிட்டர் மூன்றும் வேண்டும், 200 மில்லி தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றார். 5,400-க்குத் தனி கொட்டேஷன் போட்டேன், மெயிலில் ஓகே வந்தது, 2,700 வந்துவிட்டது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் கோரல்டிரா ஃபைல் கேட்கிறாராம், "லேபிளோடதும் சேர்த்து எல்லா ஃபைலும் அனுப்பிடுங்க" என்று சொல்கிறார். கொட்டேஷனில் லேபிளுக்கு "அச்சுக்குத் தயாரான பிடிஎஃப்" என்றுதான் இருக்கிறது. இதற்கும் அந்த வரியை எடுத்துக் காட்டுவதா?

பழைய_பிரஸ்

லோகோவின் கோரல் ஃபைலைக் கொடுத்துவிடுங்கள். லோகோ இல்லாமல் அவர் எந்தக் கடையிலும் எதுவும் செய்ய முடியாது, அதை வைத்துக்கொண்டு இழுப்பது சரியில்லை. லேபிளின் திறந்த ஃபைல் வேறு. அதைக் கொடுத்தால் 200 மில்லியை யாரோ ஒருவர் 61 சதவீதத்தில் சுருக்கிப் போட்டுவிடுவார். "அச்சுக்குத் தயாரான பிடிஎஃப்" என்ற வரியை எடுத்துப் போட்டு, திறந்த ஃபைலுக்குத் தனி விலை சொல்லுங்கள்.

மிளகாய்வற்றல்

நான் காசு கொடுத்து வாங்கிய லேபிளின் ஃபைலை எனக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் எப்படி? அச்சாபீஸ் மாற்றினால் என்ன செய்வது? ஒரே வாரத்தில் இரண்டாவது முறை கொட்டேஷன் வரியை அனுப்பினால் அந்த அண்ணனுக்குக் கசந்துவிடும்.

வழக்குக்கட்டு

உரிமை யாருக்கு என்பது எழுத்தில் இல்லாதபோது இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. கொட்டேஷனில் பிடிஎஃப் என்று தெளிவாக இருப்பது செம்மண்ணுக்கு வசதி. அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

செம்மண்_லேபிள்

லோகோ ஃபைலை இப்போதே அனுப்பிவிட்டேன், ஃபிளெக்ஸ் பிடிஎஃப்பும் போய்விட்டது. கடைக்காரருக்கு அது போதும் என்று அவரே சொன்னார். லேபிள் ஃபைல் பற்றி வியாழக்கிழமை தேங்காய் எண்ணெய் லேபிள் கொண்டுபோகும்போது நேரில் பேசுகிறேன். அதுவரை எதுவும் எழுதப்போவதில்லை.